முதற் சனியும் இரண்டாம் ஞாயிறும்: கிழமையால் வரும் விழா நாட்களைக் கண்டறியும் முறை

உத்திரமேரூர் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் 2025-ஆம் ஆண்டு நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். அச்சங்கத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. அத்தவறு எந்தச் சங்கத்திலும் நேரக்கூடியதே. சர்வதேசக் கூட்டுறவு தினத்தன்று பொதுக்கூட்டம் நடத்துவது என்றும், நெய்து முடித்த சேலைகளை அன்றே பெற்றுக்கொண்டு அடுத்த பாவுக்கு வேண்டிய நூலை வழங்குவது என்றும் நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது. சுற்றறிக்கை எழுத முற்பட்ட எழுத்தர் முந்திய ஆண்டுக் கோப்பை எடுத்தார். அதில் "ஜூலை 6, சனிக்கிழமை" என்றிருந்தது. ஆண்டை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்.

2024-இல் ஜூலை 6 சனிக்கிழமைதான். ஆனால் 2025-இல் அத்தேதி ஞாயிற்றுக்கிழமை. சுற்றறிக்கையில் தேதி ஒன்று சொல்லிற்று, கிழமை வேறொன்று சொல்லிற்று. கிழமையை நம்பிய அங்கத்தினர் 5-ஆம் தேதி சனிக்கிழமை வந்தனர். தேதியை நம்பியவர்கள் மறுநாள் வந்தனர். சனிக்கிழமை வந்தவர்களுக்குக் கூட்டமும் கிடைத்தது, நூலும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பூட்டிய கதவைக் கண்டு, மடித்த சேலையோடு திரும்பினர். பாவு இல்லாமல் தறி நின்ற நாளுக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்தது. அதற்கு எவராலும் விடை சொல்ல முடியவில்லை.

இத்தகைய தவறு நேராமல் இருக்க, மாதத்தின் இத்தனையாவது இன்ன கிழமை என்று வரையறுக்கப்பட்ட நாட்களை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருப்பது நலம். இதற்குக் கணித அறிவு மிகுதியாக வேண்டுவதில்லை. ஏழு வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

மூவகை நாட்கள்

நாம் கொண்டாடும் நாட்கள் மூன்று வகைப்படும். முதல் வகை, தேதியால் நிலைபெற்றவை. ஆகஸ்டு 15-ஆம் தேதி சுதந்திர தினம்; எந்தக் கிழமையாயினும் தேதி மாறுவதில்லை. 2015 முதல் கொண்டாடப்பெறும் தேசியக் கைத்தறி தினமாகிய ஆகஸ்டு 7-உம் இவ்வகையே. இரண்டாம் வகை, திதியாலும் நட்சத்திரத்தாலும் வருபவை. தீபாவளியும் திருக்கார்த்திகையும் இவ்வகை. இவற்றைப் பஞ்சாங்கம் பார்த்தே அறிய வேண்டும். மூன்றாம் வகைதான் நம் பொருள். இதில் கிழமை நிலையானது; தேதி ஆண்டுதோறும் நகரும்.

நமக்கு மிக அணுக்கமான உதாரணம் சர்வதேசக் கூட்டுறவு தினமே. சர்வதேசக் கூட்டுறவு ஐக்கியம் 1895-இல் தோன்றிய அமைப்பு. அது 1923 முதல் ஜூலை மாதத்து முதற் சனிக்கிழமையைக் கூட்டுறவாளர் நாளாகக் கொண்டாடி வருகிறது. அந்த ஐக்கியத்தின் நூற்றாண்டு நிறைந்த 1995-இல் ஐக்கிய நாடுகள் சபையும் அதே முதற் சனிக்கிழமையைத் தன் தினமாக ஏற்றது. ஆக, இந்நாளுக்கு நிலையான தேதி என்று ஒன்று கிடையாது. 1923-இல் அது ஜூலை 7; 1995-இல் ஜூலை 1; 2024-இல் ஜூலை 6; 2025-இல் ஜூலை 5.

அன்னையர் தினமும் இவ்வாறானதே. அமெரிக்க நாட்டில் ஆனா ஜார்விஸ் என்னும் பெண்மணி, 1905 மே மாதத்தில் காலமான தம் தாயாரின் நினைவாக இதற்கு முயற்சி எடுத்தார். 1908 மே 10-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிராப்டன் என்னும் ஊர்த் தேவாலயத்தில் முதல் வழிபாடு நடைபெற்றது. 1914-இல் அந்நாட்டு அரசாங்கம் மே மாதத்து இரண்டாம் ஞாயிறை அன்னையர் தினம் என்று அறிவித்தது. நம் ஊர்ப் பிள்ளைகளும் இப்போது பள்ளிகளில் இதைக் கொண்டாடுகின்றனர்.

ஏழு நாள் எல்லை

இம்முறையின் அடிப்படை எளியது. ஒரு மாதத்தின் முதல் ஏழு நாட்களில் ஏழு கிழமைகளும் ஒவ்வொன்றாக, ஒரே ஒரு முறை வந்து தீரும். ஆகவே எந்தக் கிழமையாயினும் அதன் முதல் வருகை 1-ஆம் தேதிக்கும் 7-ஆம் தேதிக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். இரண்டாம் வருகை 8 முதல் 14-க்குள். மூன்றாவது 15 முதல் 21-க்குள். நான்காவது 22 முதல் 28-க்குள். ஐந்தாவது என்று ஒன்று இருக்குமானால் அது 29, 30, 31 ஆகிய தேதிகளில் ஒன்றாக இருக்கும். பல மாதங்களில் நாம் தேடும் கிழமைக்கு ஐந்தாவது வருகையே இராது.

இந்த எல்லையை மனத்தில் கொண்டால் பல பிழைகள் பார்த்த மாத்திரத்தில் தெரியும். "மே 15, அன்னையர் தினம்" என்று எங்கேனும் அச்சிட்டிருந்தால், நாட்காட்டியைப் பார்க்காமலேயே அது தவறு என்று சொல்லிவிடலாம். இரண்டாம் ஞாயிறு 14-ஐத் தாண்டவே தாண்டாது. அவ்வாறே ஜூலை 8-ஆம் தேதி கூட்டுறவு தினமாக ஒருபோதும் வராது.

இங்கே ஒரு மயக்கத்தை விலக்க வேண்டும். "முதற் சனிக்கிழமை" என்பதும் "முதல் வாரத்துச் சனிக்கிழமை" என்பதும் ஒன்றல்ல. சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில் ஞாயிறு முதல் சனி வரை ஒரு வரியாக அச்சிட்டிருப்பார்கள். மாதம் ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் முதல் வரி நிறைவாக இருக்கும். செவ்வாய்க்கிழமை பிறந்தால் முதல் வரியில் ஞாயிறும் திங்களும் வெற்றிடமாக இருக்கும். அப்போது முதல் ஞாயிறு இரண்டாம் வரியில் அமையும். இரண்டாம் ஞாயிறு மூன்றாம் வரியில் அமையும். வரியை எண்ணுகிறவர் இரண்டாம் வரியிலுள்ள ஞாயிறை இரண்டாம் ஞாயிறு என்று கொண்டு ஒரு வாரம் முந்திவிடுவார். ஆகவே வரியை எண்ணலாகாது. அந்தக் கிழமையின் கீழ் அச்சான தேதிகளை மேலிருந்து எண்ண வேண்டும்.

கணக்கிடும் வழி

கையில் நாட்காட்டி இல்லாத நிலையில், அம்மாதத்து 1-ஆம் தேதி என்ன கிழமை என்பது மட்டும் தெரிந்தால் மற்றதைக் கண்டுவிடலாம். ஞாயிற்றுக்கு 1, திங்களுக்கு 2, செவ்வாய்க்கு 3, புதனுக்கு 4, வியாழனுக்கு 5, வெள்ளிக்கு 6, சனிக்கு 7 என்று எண் கொடுத்துக்கொள்வோம்.

நாம் தேடும் கிழமையின் எண்ணிலிருந்து, மாதம் பிறந்த கிழமையின் எண்ணைக் கழிக்க வேண்டும். கழிக்க இயலாதவாறு முன்னது சிறிதாக இருந்தால் அதனோடு 7 கூட்டிக்கொண்டு கழிக்கலாம். வந்த மீதியோடு 1 கூட்டினால் முதல் வருகையின் தேதி கிடைக்கும். இரண்டாவது வேண்டுமாயின் அதனோடு 7, மூன்றாவது வேண்டுமாயின் 14, நான்காவது வேண்டுமாயின் 21 கூட்டிக்கொள்ள வேண்டும்.

2026-ஆம் ஆண்டுக்கு இதைச் செய்து பார்ப்போம். அவ்வாண்டு ஜூலை 1 புதன்கிழமை. புதனின் எண் 4. சனியின் எண் 7. ஏழில் நான்கு போனால் மூன்று. அதனோடு ஒன்று கூட்ட நான்கு. ஆகவே 2026-இல் கூட்டுறவு தினம் ஜூலை 4. அவ்வாண்டு மே 1 வெள்ளிக்கிழமை. அதன் எண் 6. ஞாயிற்றின் எண் 1. ஒன்றில் ஆறு போகாது. ஏழு கூட்டி எட்டாக்கி, அதில் ஆறு கழிக்க இரண்டு. ஒன்று கூட்ட மூன்று. முதல் ஞாயிறு மே 3. இரண்டாம் ஞாயிறு அதனோடு ஏழு கூட்டிய மே 10. 1908-இல் நடந்த முதல் வழிபாட்டிற்கும் இதே தேதி வாய்த்தது என்பதை வாசகர்கள் கவனிக்கலாம். கிழமையும் தேதியும் பிரிந்து பிரிந்து சென்று மீண்டும் சந்திப்பது இவ்வகை நாட்களின் இயல்பு.

இக்கணக்கில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மாதம் பிறந்த கிழமையும் நாம் தேடும் கிழமையும் ஒன்றாகவே இருந்தால் மீதி பூஜ்யம் வரும். ஒன்று கூட்ட 1-ஆம் தேதி என்று விடை வரும். அதுவே சரி. 2023-இல் ஜூலை 1 சனிக்கிழமையாக இருந்தது. அன்றே கூட்டுறவு தினம். ஆனால் "மாதம் பிறந்த அன்றே வந்ததைச் சேர்க்கலாமா?" என்று ஐயுற்று 8-ஆம் தேதிக்குத் தள்ளுவோர் உண்டு. எட்டு என்பது முதல் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதை நினைத்தால் இந்த ஐயம் தீர்ந்துவிடும்.

அடுத்த ஆண்டு எப்படி நகரும்?

ஆண்டுக்கு 365 நாட்கள். ஏழால் வகுத்தால் 52 வாரமும் ஒரு நாளும் மிஞ்சும். அந்த ஒரு நாள்தான் கிழமையை நகர்த்துவது. இந்த ஆண்டு ஜூலை 1 புதனானால் அடுத்த ஆண்டு வியாழன். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு நாள் நகரும். கிழமை முன்னே நகர்வதால், நாம் தேடும் முதற் சனிக்கிழமையின் தேதி அதே அளவு பின்னே வரும்.

2026-இல் ஜூலை 4. 2027-இல் ஒரு நாள் குறைந்து ஜூலை 3. 2028 மிகுநாள் ஆண்டு. பிப்ரவரி 29 ஜூலைக்கு முன்னரே வந்துவிடுவதால் இரண்டு நாள் குறைந்து ஜூலை 1. 2029-இல் இன்னும் ஒன்று குறைந்தால் பூஜ்யம் ஆகும். அதாவது ஜூன் மாதத்துக்குள் போய்விடும். அப்போது ஏழு கூட்டி ஜூலை 7 என்று கொள்ள வேண்டும். இவ்வாறு 4, 3, 1, 7 என்று தேதி இறங்கி, எல்லையின் அடியைத் தொட்டதும் மறுபடி உச்சிக்கு ஏறுகிறது.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2028 பிப்ரவரி 29-இன் விளைவு அவ்வாண்டு ஜனவரிக்கு இல்லை. 2029 ஜனவரியில்தான் தெரியும். மிகுநாள் கடந்த பின்னரே இரட்டை நகர்வு நிகழும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதுமானது.

ஒரே கிழமையில் வரும் தேதிகள்

மாதம் பிறந்த கிழமையும் நினைவில் இல்லை என்றால் என்ன செய்வது? இதற்கும் ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. ஜான் கான்வே என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் (1937–2020) வகுத்த முறையின் ஒரு பகுதியை மட்டும் இங்கே தருகிறோம்.

எந்த ஆண்டாயினும் நான்காம் மாதம் 4-ஆம் தேதி, ஆறாம் மாதம் 6-ஆம் தேதி, எட்டாம் மாதம் 8-ஆம் தேதி, பத்தாம் மாதம் 10-ஆம் தேதி, பன்னிரண்டாம் மாதம் 12-ஆம் தேதி ஆகிய ஐந்தும் ஒரே கிழமையில் வரும். ஏப்ரல் 4 முதல் ஜூன் 6 வரை சரியாக 63 நாட்கள், அதாவது ஒன்பது வாரங்கள். அடுத்தடுத்த இடைவெளிகளும் அவ்வாறே 63 நாட்கள். ஒற்றைப்படை மாதங்களுக்கு இரண்டு இணைகள்: மே 9-உம் செப்டம்பர் 5-உம் ஓர் இணை, அதாவது ஐந்தாம் மாதம் ஒன்பது, ஒன்பதாம் மாதம் ஐந்து. ஜூலை 11-உம் நவம்பர் 7-உம் மற்றோர் இணை. ஏழாம் மாதம் பதினொன்று, பதினொன்றாம் மாதம் ஏழு. இவையும் முன் சொன்ன ஐந்தோடு சேர்ந்து அதே கிழமையில் வரும். இவற்றோடு பிப்ரவரியின் கடைசி நாளும், மார்ச் 7-உம் சேரும்.

2026-இல் அந்தப் பொதுக் கிழமை சனி. ஆகவே ஜூலை 11 சனிக்கிழமை. அதற்கு ஏழு நாள் முந்திய ஜூலை 4-உம் சனிக்கிழமை. நான்கு என்பது முதல் எல்லைக்குள் இருப்பதால் அதுவே முதற் சனி. மே 9 சனிக்கிழமை. மறுநாள் 10 ஞாயிற்றுக்கிழமை. பத்து என்பது 8-க்கும் 14-க்கும் இடைப்பட்டது. ஆகவே அதுவே இரண்டாம் ஞாயிறு. முன்னர்க் கழித்தும் கூட்டியும் கண்ட விடைகளே இங்கும் வந்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு கிழமையை நினைவில் வைத்தால் பன்னிரண்டு மாதங்களுக்கும் வழி கிடைத்துவிடுகிறது. 2027-க்கு அக்கிழமை ஞாயிறு. 2028-க்கு, மிகுநாள் சேர்வதால், செவ்வாய்.

நான்காவது வேறு, கடைசி வேறு

இதுவரை சொன்னவற்றைக் காட்டிலும் பணத்தோடு தொடர்புடைய ஒரு வேறுபாட்டை இனிச் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பர் 1 முதல் நம் நாட்டு வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாம் சனியும் நான்காம் சனியும் விடுமுறை என்றும், மற்றச் சனிக்கிழமைகள் முழு வேலை நாட்கள் என்றும் ஏற்பாடு வந்தது. கூட்டுறவு வங்கிகளும் இதற்கு உட்பட்டவை. "ஒன்று விட்டு ஒரு சனி விடுமுறை" என்று பலர் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றனர். நான்கே சனிக்கிழமைகள் வரும் மாதத்தில் அவ்வாறு கொள்வதால் தொல்லையில்லை. ஐந்து சனிக்கிழமைகள் வரும் மாதத்தில்தான் கணக்குத் தவறும்.

2025 ஆகஸ்டை எடுத்துக்கொள்வோம். அம்மாதம் வெள்ளிக்கிழமை பிறந்தது. சனிக்கிழமைகள் 2, 9, 16, 23, 30 ஆகிய தேதிகளில் வந்தன. இவ்விதிப்படி விடுமுறை 9-உம் 23-உம். 30-ஆம் தேதி ஐந்தாவது சனி. அது இவ்விதியால் வரும் விடுமுறை அன்று. அடுத்த சனியாகிய செப்டம்பர் 6 அம்மாதத்து முதற் சனி; அதுவும் இவ்விதியால் விடுமுறை அன்று. ஆக, 23-க்குப் பின் வரும் சனி விடுமுறை செப்டம்பர் 13 தான். ஒன்று விட்டு ஒன்று என்று எண்ணியவர் செப்டம்பர் 6-ஐ விடுமுறை என்று கொண்டிருப்பார். 13-ஆம் தேதி கூலிப் பணம் எடுக்க வங்கிக்குப் போய் ஏமாந்திருப்பார். "கடைசிச் சனி விடுமுறை" என்று நினைத்தவர் ஆகஸ்டு 23-ஆம் தேதி சென்று மூடிய கதவைக் கண்டிருப்பார். விதி "நான்காம்" என்று சொல்கிறதே தவிர, "கடைசி" என்று சொல்லவில்லை.

எந்த மாதத்தில் எக்கிழமை ஐந்து முறை வரும் என்பதை அறிவதும் எளிது. 31 நாள் மாதத்தில் முதல் மூன்று தேதிகளின் கிழமைகள் ஐந்து முறை வரும். 30 நாள் மாதத்தில் முதல் இரண்டு தேதிகளின் கிழமைகள். 29 நாள் பிப்ரவரியில் முதல் தேதியின் கிழமை மட்டும். 28 நாள் பிப்ரவரியில் எல்லாக் கிழமையும் நான்கே முறை. 2025 ஆகஸ்டு வெள்ளிக்கிழமை பிறந்ததால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் ஐந்தைந்து வந்தன.

கடைசிக் கிழமையைக் காண்பதற்கு மாதத்தின் இறுதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 31 நாள் மாதத்தில் அது 25 முதல் 31-க்குள் இருக்கும். 30 நாள் மாதத்தில் 24 முதல் 30-க்குள்.

இந்த வேறுபாட்டால் ஒரு நாடே இரண்டுபட்ட கதையும் உண்டு. அமெரிக்காவில் நன்றி செலுத்தும் நாள் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமை கொண்டாடப்பட்டு வந்தது. 1939-இல் நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. கடைசி வியாழன் 30-ஆம் தேதி. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாட்கள் குறைகின்றன என்று வணிகர்கள் முறையிட, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் விழாவை ஒரு வாரம் முன்னே, 23-ஆம் தேதிக்குக் கொண்டுவந்தார். சில மாகாணங்கள் அதை ஏற்றன. சில பழைய நாளையே கொண்டாடின. இக்குழப்பம் நீங்க 1941-இல் சட்டம் இயற்றி "நான்காம் வியாழன்" என்று வரையறுத்தார்கள். கடைசி என்ற சொல்லுக்கும் நான்காவது என்ற சொல்லுக்கும் உள்ள தூரம் ஏழு நாள் என்பதை அந்நாட்டார் அப்போது கற்றுக்கொண்டனர்.

நம் தமிழ் மாதங்களில்

இம்முறை நமக்குப் புதிதன்று. ஆடி வெள்ளி என்றும், புரட்டாசிச் சனி என்றும், கார்த்திகைச் சோமவாரம் என்றும் நாம் நெடுங்காலமாக மாதமும் கிழமையும் சேர்த்தே வழிபாட்டு நாட்களைக் குறித்து வருகிறோம். ஏழு நாள் எல்லை இவற்றுக்கும் பொருந்தும். ஒரு வேறுபாடு என்னவெனில், தமிழ் மாதங்கள் 29 நாள் முதல் 32 நாள் வரை நீளும். ஆகவே ஐந்தாவது வருகைக்கு 29, 30, 31, 32 ஆகிய தேதிகள் இடமாகும்.

2025-இல் ஆடி 1 வியாழக்கிழமை, ஜூலை 17. முதல் வெள்ளி ஆடி 2. தொடர்ந்து 9, 16, 23, 30. மாதத்திற்கு 31 நாள் இருந்தமையால் ஐந்து வெள்ளிகள் கிடைத்தன. ஆடிக் கடைசி வெள்ளி ஆகஸ்டு 15 அன்று அமைந்தது. அதே ஆண்டு புரட்டாசி 1 புதன்கிழமை, செப்டம்பர் 17. சனிக்கிழமைகள் புரட்டாசி 4, 11, 18, 25. அடுத்து 32 வர வேண்டும். மாதமோ 31 நாளில் முடிந்தது. ஆகவே நான்கே சனிகள். கடைசிச் சனியும் நான்காம் சனியும் அவ்வாண்டு ஒன்றாயின. ஒரே ஆண்டில் ஆடியில் வேறுபட்டும் புரட்டாசியில் ஒன்றுபட்டும் இவை நின்றமை நோக்கத்தக்கது.

ஆனால் தமிழ் மாதம் பிறக்கும் நாளை ஏழால் வகுத்துக் காண இயலாது. சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்து அது வருவதால், மாதப் பிறப்பை மட்டும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொண்டு, மற்றதை நாமே கணிக்க வேண்டும்.

கல்வெட்டும் கணக்கும்

நம் உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுக்களை அறியாதவர் நம் அங்கத்தினருள் இரார். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற அவை, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தார் முழுமையாக 360 நாள் பணியாற்றிப் பின் விலக வேண்டும் என்று அங்கே விதி உண்டு. 360 நாள் என்பது 51 வாரமும் மூன்று நாளும். திங்கட்கிழமை பொறுப்பேற்ற வாரியத்தின் 360-ஆம் நாள் புதன்கிழமையாகும். புதியவர்கள் வியாழக்கிழமை அமர்வார்கள். நாளை எண்ணி வரையறுத்தால் கிழமை நகரும். கிழமையை நிறுத்தினால் தேதி நகரும். இரண்டையும் ஒருங்கே நிறுத்த எக்காலத்திலும் எவராலும் இயலவில்லை. ஆண்டு ஏழால் மீதியின்றி வகுபடுவதில்லை.

ஆகவே நம் சங்கங்கள் செய்ய வேண்டுவது இது. தீர்மானப் புத்தகத்தில் "ஜூலை முதற் சனிக்கிழமை" என்று விதியையே எழுதுக; ஓர் ஆண்டின் தேதியை நிலையானதாக எழுதற்க. ஆண்டுதோறும் சுற்றறிக்கை அனுப்பும்போது தேதி, கிழமை இரண்டையும் எழுதுக. எழுதியபின் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். அத்தேதி உரிய ஏழு நாள் எல்லைக்குள் இருக்கிறதா? அவ்வாண்டு நாட்காட்டியில் அத்தேதிக்கு அக்கிழமைதானா? அதிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு போனால், அதே மாதத்தில் அதற்கு முன் எத்தனை முறை அக்கிழமை வந்திருக்க வேண்டுமோ அத்தனையும் வந்திருக்கிறதா?

மேலே சொன்ன சங்கத்துச் சுற்றறிக்கையை இம்மூன்று கேள்விகளாலும் சோதித்துப் பார்ப்போம். ஜூலை 6 முதல் எல்லைக்குள் இருக்கிறது. முதற் கேள்வி அதைப் பிடிக்கவில்லை. ஆறாம் தேதியில் ஏழு கழிக்க இயலாதாகையால் மூன்றாம் கேள்வியும் அதைப் பிடிக்கவில்லை. 2025-இல் அத்தேதி சனியா என்ற இரண்டாம் கேள்வியே அதைப் பிடித்திருக்கும். இதனால்தான் எல்லையை மட்டும் பார்த்து நின்றுவிடாமல் மூன்றையும் கேட்க வேண்டும் என்கிறோம். அவ்வாறு கேட்டிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை சேலையைச் சுமந்து வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியிரார்; அவர்கள் வீட்டுத் தறியும் நின்றிராது.